எட்டு மலையும் எண்ணாயிரவரும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். இங்கே என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, படி ஏறினால் மட்டும் தெரிகிறது.

பதில் தாமதமானதற்கு ஒரு புத்தகம்தான் காரணம். ஓர் ஆய்விதழுக்காகப் பக்தி இயக்கங்களைப் பற்றிய புதிய நூலுக்கு மதிப்புரை கேட்டிருக்கிறார்கள். 1,200 சொல், ஆறு வாரத் தவணை. மதிப்புரை அச்சாகும்வரை நூலின் பெயரை உனக்கும் சொல்ல மாட்டேன். எழுதியவர் இளைஞர், உழைப்பாளி. கோயிலில் பதிகம் பாடுவது எப்படி ஒரு வேலையானது என்ற அத்தியாயம் அருமை. ராஜராஜன் தஞ்சையில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கும் மத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் நியமித்து, தலைக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் கொடுத்த கல்வெட்டை வைத்துக்கொண்டு, பக்திக்குப் பின்னால் இருந்த நெல்லையும் நிலத்தையும் பொறுமையாக விளக்குகிறார்.

சிக்கல் மூன்றாம் அத்தியாயத்தில். ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் 8,000 சமணர் கழுவேறினார்கள், அத்தோடு பாண்டிய நாட்டில் சமணம் முடிந்தது என்று நடந்த சம்பவத்தைச் சொல்வதுபோல எழுதிவிட்டார். அடிக்குறிப்பைப் பார்த்தால் பெரிய புராணம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர். நடுவே ஐந்நூறு வருஷம் இருக்கிறது!

அந்தச் சமணரை வாதில் வென்றவர் என்று புராணம் பாடுவது ஞானசம்பந்தரை. சரி, சம்பந்தர் தாமே என்ன சொல்கிறார் என்று தேவாரத்தை மறுபடி எடுத்தேன். மங்கையர்க்கரசியும் குலச்சிறையாரும் ஆலவாய்ப் பதிகத்தில் பெயரோடு வருகிறார்கள். திருநீற்றுப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் ‘தென்னன் உடலுற்ற தீப்பிணி’ தீரப் பாடியதாகச் சொல்கிறார். பதிகங்களில் பத்தாம் பாட்டு வந்தால் சமணருக்கும் பௌத்தருக்கும் வசவு நிச்சயம். ஆனால் கழுமரம் எங்கேயும் இல்லை. பின்னாளில் தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி வரும்போதுதான் அது தலைகாட்டுகிறது. ‘எண்பெருங் குன்றத்து எண்ணாயிரவரும்’ என்ற கணக்கைச் சேக்கிழார் பாடுகிறார். எட்டுக் குன்றம், எட்டாயிரம் பேர்: இது தலை எண்ணி எழுதிய கணக்கா, செய்யுளின் ஓசைக்கு வந்த கணக்கா?

இலக்கியத்தோடு நிறுத்தினால் போதாது, மலைக்குப் போக வேண்டும். நாம் இரண்டு பேரும் சைக்கிளில் கீழக்குயில்குடிக்குப் போனது நினைவிருக்கிறதா? சமணர் மலையில் செட்டிப்புடவுக்குள் நீ வழுக்கி விழுந்தாயே, அதே இடம். அங்கே தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்து ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனைமலை, அழகர்மலை, உத்தமபாளையம் என்று பல இடங்களில் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் கிடைக்கிறது. அதுவும் சம்பந்தருக்குப் பிந்திய காலம்தான். கழுகுமலையில் வரிசை வரிசையாகச் செதுக்கியிருப்பதும் அப்படியே. உங்கள் பழனிப் பக்கம் ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது 870இல், சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரர் உருவத்தையும் இயக்கியையும் புதுப்பித்து 505 காணம் பொன் கொடுத்திருக்கிறார். பாண்டியன் வரகுணன் ஆட்சியில்! அழிந்துபோன கூட்டத்திடம் பொன் எப்படி இருக்கும்?

இதை வைத்துக்கொண்டு ஒரு வன்முறையும் நடக்கவில்லை என்று நான் எழுதப்போவதில்லை. கல்வெட்டு சமணம் தொடர்ந்தது என்று காட்டும். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாள் மதுரையில் என்ன நடந்தது என்று காட்டாது. அரசனின் ஆதரவு சைவத்தின் பக்கம் சாய்ந்ததையும் மறுக்க முடியாது. என் குறை வேறு. 12ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டுச் சைவர்கள் தங்கள் வெற்றியை இப்படி நினைத்துப் பார்க்க ஏன் விரும்பினார்கள் என்ற கேள்வி இவர் கையிலேயே இருந்தது. நெல்லுக்கும் நிலத்துக்கும் அவ்வளவு அழகாகக் கேள்வி கேட்டவர், இங்கே புராணத்தை அப்படியே நம்பிவிட்டார்.

மதிப்புரையில் இதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்றுதான் தவிக்கிறேன். முதல் படியில் 700 சொல் இதற்கே போய்விட்டது; படித்தால் நூல் முழுவதும் குப்பை என்ற மாதிரி இருந்தது. நல்ல அத்தியாயம் நான்கு இருக்கும்போது அது நியாயமில்லை. இப்போது 350க்குக் குறைத்திருக்கிறேன். ஐவர்மலையை மட்டும் விரிவாகச் சொல்லிவிட்டு மற்ற மலைகளைப் பெயரோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். முதல் வேலை என்றால் கொஞ்சம் மென்மையாக எழுத வேண்டும் என்பாய். நம் முதல் கட்டுரையை அந்தப் பேராசிரியர் கிழித்த கிழியை நானும் மறக்கவில்லை.

ஒரு உதவி. ஐவர்மலை உனக்குப் பக்கம்தானே? என்னிடம் இருப்பது கல்வெட்டின் அச்சுப் படிதான், அதை மேற்கோள் காட்டுமுன் பாறையை ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது போ, உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. ஆண்டு வருகிற வரியையும் ‘காணம்’ வருகிற வரியையும் தனித்தனியாகப் போனில் படம் எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, தனியாக ஏறாதே.

உன்,
கதிர்