செக் வாங்கும் கடைக்காரர்களுக்கு: தேதிகளைக் கவனியுங்கள்

பாரிமுனைக் கடை உறுப்பினர்களுக்கு வணக்கம். திரும்பி வந்த காசோலையைப் பலர் மேசை இழுப்பறையிலேயே வைத்துவிடுகிறார்கள். அதில்தான் பணம் போகிறது.

ஒரு வாடிக்கையாளர் 40,000 ரூபாய்க்கு ஜூன் 10 என்று தேதியிட்ட காசோலையை மே மாதமே தருகிறார் என்று வையுங்கள். இதுதான் பின்தேதியிட்ட காசோலை. ஜூன் 10க்கு முன் வங்கி பணம் தராது. அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் போட்ட காசோலை, கணக்கில் போதிய பணம் இல்லை என்ற குறிப்புச் சீட்டுடன் ஜூன் 14 அன்று திரும்புகிறது. இதையே காசோலை மறுக்கப்பட்டது, பவுன்ஸ் ஆனது என்கிறோம். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் கிடைத்த 30 நாளுக்குள், அதாவது ஜூலை 14க்குள், காசோலைத் தொகையைக் கேட்டு எழுத்துபூர்வ நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தொலைபேசியில் எத்தனை முறை கேட்டாலும் அது நோட்டீஸ் ஆகாது. நோட்டீஸ் ஜூன் 25 அன்று அவர் கைக்குப் போனால், ஜூலை 10 வரை அவருக்கு அவகாசம். அதற்குள் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். “அடுத்த வாரம் தருகிறேன்” என்பதை நம்பி இந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

காசோலையின் முகப்பில் இரண்டு இணைகோடுகள் இருந்தால் அது கோடிட்டது. கவுன்டரில் ரொக்கம் கிடைக்காது, கணக்கில்தான் வரவாகும். தொலைந்தாலும் பணம் போன கணக்கைக் கண்டறியலாம் என்பதால், கோடிட்டே கேட்டு வாங்குங்கள். ஆனால் கணக்கில் பணம் இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுகள் உத்தரவாதம் அல்ல.