கிறிப் அறிக்கை கேட்கும் திருகோணமலை வீட்டுக்காரருக்கும் கடைமுதலாளிகளுக்கும்

உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீடு வாடகைக்கு விடுவோருக்கும், நிலாவெளி விடுதிகளுக்கும் நகரக் கடைகளுக்கும் ஆள் எடுப்போருக்கும்,

வங்கிகளிலும் லீசிங் கம்பனிகளிலும் கடன் விண்ணப்பங்களைப் பார்த்து வேலை செய்த சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அண்மைக்காலமாக உங்களில் சிலர் முற்பணத்தோடு கிறிப் அறிக்கையும் கேட்கிறீர்கள். வேலைக்கு வருபவரிடம் அடையாள அட்டைப் பிரதியை வாங்கி, "இலக்கம் இருக்கு, கிறிப்பில போட்டுப் பார்ப்பம்" என்கிறீர்கள். இந்த நாட்டில் அது நடக்காது. ஏன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கிறிப் என்று ஊரில் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் போன்ற கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் கடன் விவரங்களை மாதாமாதம் அங்கே அனுப்புகின்றன. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க அந்த நிறுவனங்களே அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கின்றன. வீட்டுச் சொந்தக்காரரோ கடைமுதலாளியோ அந்த வட்டத்துக்குள் இல்லை. அடையாள அட்டை இலக்கத்தை வைத்து நீங்கள் நுழையக்கூடிய வாசல் எதுவும் அங்கே கிடையாது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டுத்தான் பலருக்கு இந்த எண்ணம் வருகிறது. அங்கே வேறு ஒழுங்கு. அமெரிக்காவில் 1970இல் வந்த கூட்டரசுச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் வாடகை விண்ணப்பத்துக்காகக் கடன் அறிக்கையையும் புள்ளியையும் எடுக்கலாம். வேலை கொடுப்பவர் முதலில் தனித்தாளில் அறிவித்து, விண்ணப்பதாரியின் எழுத்து அனுமதியைப் பெற வேண்டும். அப்போதும் அவருக்கு வரும் அறிக்கையில் கடன் புள்ளி இராது. அதைக் காரணமாக வைத்து ஒருவரை மறுப்பதென்றால், மறுப்பதற்கு முன்னரே அறிக்கையின் பிரதியை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் வேலை கொடுப்பவர் பார்ப்பது நீதிமன்றக் கடன் தீர்ப்பு, வங்குரோத்து போன்ற பொதுப் பதிவுகளை மட்டுமே. எந்தக் கடன் அட்டையில் எவ்வளவு பாக்கி என்பது அவருக்கும் தெரியாது.

இங்கே ஒருவரின் அறிக்கை உங்கள் கையில் நேர்மையாக வர ஒரே வழி, அவரே தன் அறிக்கையை எடுத்துத் தானாக விரும்பிக் காட்டுவது. தன் அறிக்கையைப் பெற யாருக்கும் உரிமை உண்டு.

இன்னொரு வழியைச் சிலர் தேடுகிறார்கள். வங்கியில் தெரிந்த தம்பி ஒருவரிடம் இலக்கத்தைக் கொடுத்து, "சும்மா ஒருக்காப் பார்த்துச் சொல்லு" என்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு நிறுவனம் ஒருவரின் விவரத்தைப் பார்த்தால், எந்த நாளில், என்ன காரணம் காட்டிப் பார்த்தது என்பது பதிவாகும். புதிய கடனைப் பரிசீலிக்க, இருக்கும் கடனைக் கண்காணிக்க, நடைமுறைக் கணக்குத் திறக்க என்று ஒரு காரணத்தைக் காட்டியே பார்க்க வேண்டும். வாடகைக்கு ஆள் வைக்க என்று ஒரு காரணம் அங்கே இல்லை. ஆகவே அந்தத் தம்பி பொய்க் காரணம் ஒன்றைப் போட வேண்டிவரும். உங்களிடம் வீடோ வேலையோ கேட்டு வந்தவர் பிறகு தன் அறிக்கையை எடுக்கும்போது தான் கேட்காத கடனுக்கு ஒரு விசாரணை நடந்திருப்பதைக் காண்பார். முறைப்பாடு போனால் வேலை போவது தம்பிக்குத்தான்.

சரி, ஒருவர் தானாகக் கொண்டுவந்து காட்டினால் என்ன தெரியும்? அவர் வாங்கிய கடன்கள், கடன் அட்டை எல்லை, மீதி, மாதவாரியாகக் கட்டணம் எத்தனை நாள் பிந்தியது, பணம் போதாமல் திரும்பிய காசோலைகள், யாருக்காவது பிணை நின்றிருந்தால் அந்தத் தொகை. தெரியாதவை இவை: சம்பளம், சேமிப்பு, முந்தைய வீட்டு வாடகையை ஒழுங்காகக் கட்டினாரா என்பது, சீட்டுக் காசு, வட்டிக்காரரிடம் வாங்கிய கடன். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது.

தெரிவதையும் பிழையாக வாசிப்பது மிகச் சுலபம். ஒரு உதாரணம் பாருங்கள். அன்புவழிபுரத்திலிருந்து உவர்மலைக்கு வீடு தேடிவரும் ஒரு தாதியின் அறிக்கையில், கடனாளியாக 1,00,000 ரூபா எல்லையுள்ள கடன் அட்டை ஒன்று, மீதி 12,000, ஒரு நாளும் பிந்தவில்லை. பிணையாளியாக அண்ணனின் முச்சக்கர வண்டி லீசிங் 4,50,000, அது 90 நாள் பிந்தியிருக்கிறது. வீட்டுக்காரர் முதலில் காண்பது பெரிய தொகையையும் பிந்திய நாளையும்தான். "நாலரை லட்சம் கடன்காரி" என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அவள் தன் பெயரில் வாங்கியதில் ஒரு ரூபாகூடப் பிந்தவில்லை. கடனாளி, பிணையாளி என்ற இரண்டும் அறிக்கையில் வேறுவேறு இடத்தில் வரும். எதில் நிற்கிறாள் என்று பார்க்காமல் தொகையைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். (பிணைக்கடன் ஆபத்தில்லை என்று சொல்ல வரவில்லை. அண்ணன் கட்டாவிட்டால் அவளிடம் கேட்பார்கள். அது வாடகை கட்டாதவள் என்பதற்கு அடையாளம் ஆகாது.)

அண்ணன் நேற்றுத்தான் பாக்கியைக் கட்டியிருந்தாலும் அறிக்கையில் 90 நாளே நிற்கும். லீசிங் கம்பனியின் அடுத்த மாத அனுப்புகை போய்ச் சேர்ந்த பிறகுதான் மாறும். விவரமே பிழையென்றாலும் பணியகம் தானாக எடுத்துத் திருத்தாது. முறைப்பாட்டின் பேரில், விவரத்தை அனுப்பிய நிறுவனமே திருத்த வேண்டும். "கிறிப்பில கறுப்புப் பட்டியல்" என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி ஒரு பட்டியலைப் பணியகம் வைத்திருப்பதில்லை. மறுப்பதும் கொடுப்பதும் அந்தந்தக் கடன் நிறுவனத்தின் முடிவு.

வாட்சப்பில் வரும் அறிக்கைப் படத்தை நம்பவும் வேண்டாம். ஒரு கைத்தொலைபேசியே அதில் எண்களை மாற்றப் போதும். உண்மையில் பார்க்க வேண்டும் என்றால், அவர் உங்கள் முன்னால் தன் அறிக்கையைத் திறந்து காட்டட்டும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், பிரதி எடுத்து வைக்காதீர்கள். அடையாள அட்டை இலக்கம், முகவரி, கடன் விவரம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். உங்கள் கடை மேசை இலாச்சியில் அது கிடந்து தொலைந்தால், அவர் பெயரில் யாரோ கடன் விண்ணப்பம் எழுதப் பாதி வேலை முடிந்துவிடும். தேவைக்கு மேல் தனிப்பட்ட தரவைச் சேர்க்கக்கூடாது என்பதை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எழுதிவைத்திருக்கிறது.

வாடகை வரும் என்ற நம்பிக்கைக்கு வேலையிடத்துக் கடிதமும், சம்பளம் விழுவதைக் காட்டும் கடைசி மூன்று மாத வங்கிக் கூற்றும் போதும். மற்றச் செலவு வரிகளை அவர் மறைத்துக் கொடுக்கலாம். முந்தைய வீட்டுக்காரரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு இவை எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது. காசாளர் வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிக்குக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் பொலிஸ் நற்சான்றும் முன்னைய முதலாளியின் சொல்லும் இருக்கின்றன. திருட்டைப் பற்றிக் கவலை என்றால் தினமும் கல்லாவை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கடன் அறிக்கை அதைச் சொல்லாது.

வாடகை விளம்பரத்தில் "கிறிப் அறிக்கை அவசியம்" என்ற வரியை எடுத்துவிட்டு, "வேலைக் கடிதமும் முந்தைய வீட்டுக்காரரின் இலக்கமும் கொண்டுவரவும்" என்று போடும்படி கேட்கிறோம்.

இப்படிக்கு,
கடன் பிரிவுகளில் பணிபுரிந்த சிலர், திருகோணமலை