திறக்கும் முன்னே தெரிவது

மண்டபம்

அன்பு மகள் ஜெனிக்கு,

கோயம்புத்தூர் கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரெஸ்யூமையே எனக்கும் அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கப்பா, பதிலே வரல" என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். ஆனால் முதலில் திறக்காமல்தான் பார்த்தேன். ஆள் எடுக்கிறவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜூன் 15-ஆம் தேதி தடைக்காலம் முடிந்து படகு இறங்கும். அதற்கு முன் எங்கள் நண்டு கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலை என் தலையில்தான் விழும். ஆபீஸ் போனில் வந்து கிடக்கிற ஃபைல்களில் பாதிக்கு மேல் `Resume.pdf` என்றுதான் இருக்கும். இறக்கிவைத்த பிறகு எது யாருடையது என்று தெரியாது. உன்னுடையது `resume new final (2).pdf`. உனக்கு அது இரண்டாவது திருத்தம், எனக்கு அது யாரோ ஒருவர். `Jenifer_Accounts_Resume.pdf` என்று மாற்று. அனுப்பிய பிறகு பெயரை மாற்ற முடியாது, அதனால் போனில் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு அப்புறம் இணை.

அடுத்தது அந்தச் சின்னப் படம். பிடிஎஃப் அனுப்பினால் முதல் பக்கத்தின் மேல்பகுதி மட்டும் சாட்டில் ஒரு பட்டையாகத் தெரியும். உன்னுடையதில் பெரிய எழுத்தில் `RESUME` என்றும், பக்கத்தில் உன் போட்டோவில் நெற்றி வரைக்கும் மட்டும்தான் தெரிந்தது. பெயர் அதற்குக் கீழே போய்விட்டது. அந்தத் தலைப்பை எடுத்துவிடு, அது ரெஸ்யூம் என்று எல்லோருக்கும் தெரியும். உன் பெயர், அதன் கீழே "அக்கவுண்ட்ஸ், 3 வருட அனுபவம்", இரண்டும் உச்சியில் வரட்டும். போட்டோவைக் கீழே தள்ளு, இல்லாவிட்டாலும் குறையில்லை. சிலர் ரெஸ்யூமைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்து மங்கிப்போகும், ஃபைல் பெயரும் இருக்காது. `Document` வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

நீ முதலில் "ஹாய் சார்" என்று போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, மறுநாள்தான் ஃபைலை அனுப்பியிருக்கிறாய். அந்த இரண்டு வார்த்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஃபைலை இணைக்கும்போதே அதன் கீழே எழுது: வணக்கம், என் பெயர் இன்னது, இன்ன வேலைக்கான உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன், டேலியும் ஜிஎஸ்டி தாக்கலும் 3 வருடமாகச் செய்கிறேன், ஒரு மாதத்தில் சேர முடியும். நாலு வரி போதும். "ப்ளீஸ் சார், வேலை ரொம்ப அவசரம்" என்று மட்டும் எழுதாதே, படிக்கிறவருக்குச் சங்கடம். அவர் மேனேஜருக்கு ஃபைலை மட்டும் ஃபார்வர்ட் செய்தால் நீ எழுதியது கூடப் போகாமலும் போகலாம். அதனால்தான் ஃபைல் பெயருக்கு இவ்வளவு சொல்கிறேன்.

ஃபைலுக்குக் கீழே எழுதியதில் எழுத்துப்பிழை விட்டிருந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். தவறான ஃபைல் போய்விட்டால் அழிக்கலாம்தான், ஆனால் அழித்த தடம் அங்கேயே நிற்கும். ஒரு வரி மன்னிப்போடு சரியானதை அனுப்பிவிடு.

திருத்திவிட்டு எனக்கு மறுபடி அனுப்பு. திறக்காமலே நீ யார், என்ன வேலைக்கு என்று தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா