சென்னை சிகிச்சை: செல்விக்கு அம்மா எழுதுவது

செல்விக்கு,

போனில் பேசினால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், கணக்கு ஒன்றும் நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன். மதுரையிலேயே பார்த்தால் பஸ்ஸில் போய்வரலாமே என்று நான் சொன்னதை மறந்துவிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அந்தச் சென்னை டாக்டரிடம்தான் நம்பிக்கை என்றால் சரி. சங்கரன்கோவிலிலிருந்து ஐ.வி.எஃப். செய்ய எத்தனை தடவை ஓட வேண்டும், எத்தனை நாள் லீவு, எவ்வளவு பணம் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒன்று. இந்த சிகிச்சைக்கு நாள் குறிப்பது காலண்டர் இல்லை, உன் மாதவிலக்கு. கடைசி மூன்று தடவையும் உனக்கு 31, 34, 32 நாள் என்று சொன்னாய். அப்படியென்றால் இரண்டு மாதம் முன்னாடியே டிக்கெட் போட்டு வைக்கவும் முடியாது, ஹெட்மாஸ்டரிடம் தேதி சொல்லவும் முடியாது. ஆனால் விலக்கான நாளிலிருந்து எண்ணிப் போனால் பெரும்பாலும் கணக்கு கைக்குள் வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை உனக்கு விலக்காகிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை, அதாவது இரண்டாம் நாள், ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். சினைப்பையில் பழைய கட்டி எதுவும் மிச்சம் இல்லை என்று தெரிந்தால் அன்று இரவே ஊசி ஆரம்பம். தினமும் ஒன்று, தொப்புளுக்குக் கீழே பக்கவாட்டில், நீயே போட்டுக்கொள்ளலாம். ஆறாம் ஊசி நாள், வியாழக்கிழமை, அடுத்த ஸ்கேன். அதுவரை சென்னையில் உனக்கு ஒரு வேலையும் இல்லை. இந்த இரண்டு ஸ்கேனையும் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா என்று டாக்டரிடம் இப்போதே கேள். பலர் சம்மதிப்பார்கள், சிலர் முதல் ஸ்கேனுக்கு மட்டும் நேரில் வரச் சொல்வார்கள். சம்மதித்தால் ரிப்போர்ட்டில் என்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள். நம் ஊர்ப்பக்கம் "இரண்டு பக்கமும் முட்டை வளர்கிறது, நார்மல்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அதை வைத்து அங்கே ஊசி அளவை மாற்ற முடியாது. வலது, இடது என்று தனித்தனியாக, சினைப்பைக்குள் முட்டை வளரும் ஒவ்வொரு முட்டைப்பையும் எத்தனை மில்லிமீட்டர், கருப்பை உள்சவ்வு எவ்வளவு தடிமன், அன்று எத்தனையாவது ஊசி நாள், இவ்வளவும் இருக்க வேண்டும். உள்வழி ஸ்கேனாகவும் இருக்க வேண்டும், வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது.

வியாழன் சாயங்காலம் பொதிகை ரயிலில் ஏறு. அன்றைய ஊசியை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்பு, தினசரி ஊசி ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை. மீதி ஊசிகளைத் தெர்மோகோல் பெட்டியில் வை. ஐஸ் பேக்கை ஒரு துண்டில் சுற்றி வை, ஊசி நேராக ஐஸில் படக்கூடாது. சூடானால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளி காலையில் சென்னை. அதற்குப்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன் இருக்கும், அந்த நாட்களில் ஊருக்கு வந்து போக நினைக்காதே. மூன்று முட்டைப்பையாவது 17, 18 மில்லிமீட்டர் தொட்டதும், முட்டையை முதிர வைக்கிற ட்ரிகர் ஊசி போடச் சொல்வார்கள். அது செவ்வாய் இரவு பத்து மணி என்றால் வியாழன் காலை பத்து மணிவாக்கில் மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பார்கள். இந்த ஒரு ஊசிக்கு மட்டும் நிமிடக் கணக்கு. நான் வார்டில் வேலையில் இருந்தபோது ஒரு பெண் சீட்டில் "10" என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்துக் காலை பத்துக்கே போட்டுக்கொண்டு வந்தாள். தியேட்டரில் படுக்க வைத்துப் பார்த்தால் முட்டையெல்லாம் வெடித்துப் போயிருந்தது. இரண்டு வாரம் குத்திக்கொண்ட ஊசி அத்தனையும் வீண். அதனால் காலையா இரவா என்று எழுதி வாங்கு, மாப்பிள்ளை போனிலும் அலாரம் வைக்கச் சொல்.

மாப்பிள்ளைக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது என்கிறாய். முட்டை எடுக்கிற அன்று இருந்தால் போதும். அன்றைக்கும் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இருந்தால், முன்னாடியே ஒருநாள் போய் விந்தணுவை உறைய வைத்துவிட்டு வரட்டும். அந்த நாளில் பதற்றத்தில் மாதிரி கொடுக்க முடியாமல் போவதும் உண்டு, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்.

உனக்கு நீர்க்கட்டி இருப்பதால் கருவை உடனே வைக்காமல் உறைய வைத்து, பிந்தி ஒரு மாதம் வைக்கலாம் என்று டாக்டர் சொல்ல வாய்ப்பு அதிகம். கேட்டதும் மனசு விடாதே. முட்டைகள் நிறைய வளர்கிறவர்களுக்கு வயிற்றில் நீர் கோக்கிற ஆபத்து உண்டு, கர்ப்பமும் சேர்ந்தால் அது முற்றும். லீவும் இரண்டாகப் பிரிந்துவிடும், அதுவும் நல்லதுதான். முட்டை எடுத்த மறுநாளே ரயில் ஏறாதே. சனிக்கிழமை இரவு கிளம்பு, அதற்குள் தினமும் காலையில் எடை பார். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ டிக்கெட் போனால் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது லீவு. வெள்ளியிலிருந்து மறு ஞாயிறு வரை பத்து நாள், அதில் பள்ளி நாள் ஆறு. தற்செயல் விடுப்பும் விடுமுறையும் சேர்ந்து பத்து நாளைத் தாண்டக்கூடாது என்பது உனக்கே தெரியும். ஸ்கேனில் வளர்ச்சி மெதுவாக இருந்து ஒருநாள் தள்ளினாலும் சிக்கல். அதனால் சென்னை நாட்களுக்கு மருத்துவ விடுப்பே போடு, தற்செயல் விடுப்பை உள்ளூர் ஸ்கேன் நாட்களுக்கு வைத்துக்கொள். சான்றிதழில் பெண்களுக்கான சிறு அறுவை என்று பொதுவாக எழுதித் தர முடியுமா என்று கேள். ஸ்டாஃப் ரூமுக்கு மீதிக் கதை வேண்டாம். சேருகிற அன்று உடல்தகுதிச் சான்றும் வேண்டும், கிளம்பும்போதே வாங்கிவிடு.

பணம். நீ அனுப்பிய தாளில் 1,60,000 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதில் ஊசி இல்லை என்று கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தாயா? உறைய வைக்கும் கட்டணம், ஒவ்வொரு வருஷமும் வாடகை, பிந்தி கரு வைக்கும் செலவு, மயக்க மருந்து, இதெல்லாம் உள்ளேயா வெளியேயா? முட்டை வளராமல் நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும்? ஐந்து கேள்வியையும் எழுதிக் கொண்டுபோ. ஊசியை மொத்தமாக வாங்காதே, ஆறாம் நாள் ஸ்கேனில் அளவு மாறலாம், ஃப்ரிட்ஜ் மருந்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். ஊசிக்கு 70,000 என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், என் பென்ஷன் பாக்கி வந்ததில் இருந்து. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா என்பது உன் இஷ்டம்.

தாம்பரம் சித்தி வீட்டில் தங்கினால் செலவு மிச்சம் என்றாய். காலை ஏழு மணி ரத்தப் பரிசோதனைக்கு அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாய்? சித்தியின் மாமியார் கேட்கிற கேள்விகள் வேறு. ஆஸ்பத்திரி பக்கத்தில் சமையல் செய்ய இடம் உள்ள அறையாகப் பார், நான் குக்கரோடு வருகிறேன். போகிற டிக்கெட்டை விலக்கான அன்றே போட்டுவிடலாம், ஆறு நாள் கையில் இருக்கும். திரும்புகிறதற்கு மட்டும் தட்கல், ஏ.சி. பத்து மணிக்கு, ஸ்லீப்பர் பதினொரு மணிக்கு, வெள்ளிக்கிழமை காலையில் நானே உட்கார்ந்து போடுகிறேன்.

டாக்டர் உள்ளூர் ஸ்கேனுக்குச் சரி என்றாரா என்பதை மட்டும் திங்கட்கிழமைக்குள் சொல்.

அம்மா