சனிக்கிழமை இரவும் திங்கட்கிழமை காலையும்: தங்கத்தைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாதாமாதம் மிச்சமாகும் பணத்தில் தங்க நாணயம் வாங்கி வைத்து வருவதாகவும், அவசரம் என்று வந்தால் அதைவிட விரைவாகப் பணமாகக்கூடியது வேறெதுவும் இல்லை என்று நம்புவதாகவும் எழுதியிருந்தாய். வங்கியில் நகைக்கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். தங்கம் விரைவில் பணமாகும் என்பது உண்மைதான். ஆனால் எந்த நேரத்தில் தேவை வருகிறது, தங்கம் எங்கே இருக்கிறது, அதை எடுக்கும் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தே அது ஒரு மணி நேரத்தில் பணமாவதும் மூன்று நாள் கழித்துப் பணமாவதும் அமையும்.

ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவு வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்கிறது; உடனே 50,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்; திங்கட்கிழமை மாலைக்குள் மேலும் 3 லட்சம் தேவைப்படும் என்கிறார்கள். அந்த இரவில் உன் கையில் எத்தனை பவுன் இருந்தாலும் பயனில்லை. நகைக்கடை, அடகுக்கடை, வங்கி எல்லாம் மூடியிருக்கும். அப்போது உதவுவது சேமிப்புக் கணக்கும், இணையவழியில் போட்ட வைப்புத்தொகையும்தான். இணையத்தில் போட்ட வைப்புத்தொகையைப் பல வங்கிகளில் கைப்பேசியிலேயே எந்த நேரத்திலும் முடித்துக்கொள்ளலாம். வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் குறையும், பணம் சில நிமிடங்களில் கணக்குக்கு வந்துவிடும். யுபிஐ வழியாக மருத்துவமனைக்குக் கட்டுவதற்கான வரம்பையும் ரிசர்வ் வங்கி ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஆனால் கிளைக்குப் போய் ரசீது வாங்கிப் போட்ட வைப்புத்தொகை இப்படி வராது. அதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும். இருவர் பெயரில் இருந்து, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், மருத்துவமனையில் படுத்திருப்பவரின் கையெழுத்தும் தேவைப்படும்.

திங்கட்கிழமை காலையில்தான் தங்கத்தின் நேரம் தொடங்குகிறது. பரஸ்பர நிதியில் பங்குத் திட்டத்தை விற்றால் பணம் வர இரண்டு மூன்று வேலைநாள் ஆகும். பங்குகளை விற்றால் மறுநாள்தான் தீர்வாகும். அதன் பிறகே வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியும். வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் கேட்டால் சில நாட்கள் ஆகும். சீட்டுப் பணத்துக்கு ஏல நாள் வர வேண்டும். நிலத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. இவற்றோடு ஒப்பிட்டால் நகைக்கடன் உண்மையிலேயே வேகமானது. எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருப்பது என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன். முதலில் நகை மதிப்பீட்டாளர் கிளையில் இருக்க வேண்டும். பல கிளைகளில் அவர் வங்கி ஊழியர் அல்லர், அழைத்தால் வருபவர். ஆகவே கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. அவர் உரைகல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, கல், மெழுகு, அரக்கு, நூல் ஆகியவற்றின் எடையைக் கழித்து நிகர எடையை எழுதுவார். உன் எதிரிலேயே இதைச் செய்ய வேண்டும் என்பது விதி; தள்ளி நிற்காமல் பக்கத்தில் நின்று பார். அந்தக் கிளையில் உனக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லையென்றால் கணக்குத் தொடங்குவதிலேயே பாதி நாள் போய்விடும். வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் இதைவிடச் சுறுசுறுப்பாகத் தரும், வட்டி கூடுதல். அவை 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது என்பதால் மீதி வங்கிக் கணக்குக்கே வரும்.

உன்னிடம் உள்ள ஐந்து பவுன் ஆரத்தையே எடுத்துக்கொள். மொத்தம் 40 கிராம், அதில் கல் 2 கிராம் என்றால் நிகரம் 38 கிராம். கணக்குக்காக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 3,80,000 ரூபாய். செய்கூலி, சேதாரம், கல்லின் விலை எதுவும் இதில் சேராது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆகவே உன் ஆரத்துக்கு 3,04,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. ஆண்டு முடிவில் அசலும் வட்டியுமாக ஒரே தடவையில் கட்டும் கடனாக இருந்தால், கட்ட வேண்டிய வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதால் கைக்கு வருவது இன்னும் குறையும். அதாவது அப்படிப்பட்ட கடனில் 3 லட்சம் தேவைப்படும்போது இந்த ஆரம் ஒன்று மட்டும் போதாது. கூட இரண்டு வளையல் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

விற்பதானால் தொகை கூடும், ஆனால் அவசரத்தில் விற்பவருக்குப் பேரம் பேச நேரம் இருக்காது. பழைய நகையை உருக்கிப் பார்த்தால் பற்றவைத்த இடங்களினால் தங்கத்தின் மாற்று குறைந்து காட்டலாம். ஹால்மார்க் முத்திரையும் ஆறெழுத்து அடையாள எண்ணும் உள்ள நகையில் இந்தத் தகராறு குறைவு. புது நகை மாற்றிக்கொண்டால் நல்ல விலை தரும் கடைகள், பணமாகக் கேட்டால் கழிவு வைக்கின்றன. வருமானவரி விதி காரணமாகக் கடைக்காரர்கள் பொதுவாக ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தருவதில்லை. காசோலை கொடுத்தால் அது பணமாக மேலும் ஒரு நாள் ஆகலாம். கணக்குக்கு உடனே அனுப்பச் சொல்லிக் கேள்.

இப்போது உன் நாணயங்களுக்கு வருகிறேன். வங்கிகள் நாணயத்தை விற்கலாம், திரும்ப வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அடகு வைக்கவும் ஒருவருக்கு 50 கிராம் வரைதான் வரம்பு. நாணயத்தை எடுத்துக்கொள்ளாத கிளைகளும் உண்டு. தங்கக் கட்டியை அடகுக்கு எடுப்பதே இல்லை. நாணயத்தின் வசதி வேறு: கல் கழிவு இல்லை, வேண்டிய அளவுக்கு ஒன்றிரண்டை மட்டும் விற்கலாம். ஆகவே நாணயத்தை விற்பதற்கும் நகையை அடகுக்கும் என்று மனத்தில் பிரித்துக்கொள். ஒரு கிராம், இரண்டு கிராம் நாணயங்களில் கூலி விகிதம் அதிகம் என்பதால், இனி வாங்குவதானால் எட்டு கிராமாகச் சேர்த்து வாங்கு; பில்லைப் பத்திரப்படுத்து.

எனக்கு மிகவும் கவலை தருவது உன் வங்கிப் பெட்டகம். அது உன் பெயரில் மட்டும் இருக்கிறது. நீ நோயாளியாகப் படுத்துவிட்டால், கிளை திறந்திருந்தாலும் மாப்பிள்ளையால் அதைத் திறக்க முடியாது. வாரிசு நியமனம் செய்திருப்பதாகச் சொன்னாய். அது ஒருவர் இறந்த பிறகுதான் செல்லும், அவசரத்துக்கு உதவாது. அடுத்த வாரமே இருவரும் கிளைக்குப் போய், பெட்டகத்தை இருவரில் எவர் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற முறைக்கு மாற்றுங்கள். இரண்டு மாதச் செலவுக்கான தொகையை இணையவழி வைப்புத்தொகையாகப் போடு. அதுவரை நாணயம் வாங்குவதை நிறுத்தி வை. ஹால்மார்க் உள்ள ஒரு ஆரத்தையும் இரண்டு வளையல்களையும் மட்டும் அடகுக்கென்று ஒதுக்கி, அவற்றின் நிகர எடையை ஒரு தாளில் எழுதி பில்லோடு வைத்துவிடு. மாற்றி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா