நன்றி நவிலல்: தாத்தாவின் இரங்கலுரையைப் பேரப்பிள்ளைகளுக்கும் உரியதாக்கித் தந்த தங்கச்சிக்கு

அன்பான உறவுகளே, நண்பர்களே,

அப்பாவின் கடைசி நாட்களிலும் கிரியை நாளிலும் எங்களோடு நின்றவர்கள் நீங்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும், அதை இங்கே திரும்ப எழுதவில்லை. சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்கள், இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஓடி வந்தவர்கள், மீசாலையிலிருந்து தொலைபேசியில் அழுதவர்கள், கிரியை செய்த ஐயா, தேவாரம் பாடிய பெரியவர்கள், மண்டபத்து வாசலில் குளிருக்குள் நின்று வாகனங்களுக்கு இடம் காட்டிய பெடியள், எல்லாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

ஒருவர் செய்த உதவியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மருமகளின் சிநேகிதி, நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுபவர், தொழிலால் மொழிபெயர்ப்பாளர். பார்வைக்கு வைத்த அன்று மாலை அஞ்சலி செலுத்த வந்தவர், பேரப்பிள்ளைகளின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்பாவின் இரங்கலுரையை வரிக்கு வரி ஆங்கிலமாக்கிய தாள் அது. பிள்ளைகள் அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். “அக்கா, இதை நான் கொண்டுபோய்க் காலமை தரட்டே?” என்று மெல்லக் கேட்டார். விடியும்போது வேறொரு உரை எங்கள் கைக்கு வந்தது.

தமிழில் ஒரு எழுத்தையும் அவர் மாற்றவில்லை. “மீசாலையைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட” என்ற தொடக்கமும், ஊர்க் கோயிலின் பெயரும், பெறாமக்களின் பெயர்களும் அப்படியே நின்றன. அவை பெரியவர்கள் கேட்க வேண்டியவை. ஆங்கிலப் பக்கத்தை மட்டும், தாத்தாவைத் தெரிந்த, ஆனால் தாத்தாவின் நாட்டைத் தெரியாத ஒரு பிள்ளைக்கு எழுதுவதாக நினைத்துப் புதிதாக எழுதினார்.

ஒரு வரியைச் சொன்னால் விளங்கும். அப்பா புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். தமிழ் உரையில், “1990இல் யாழ்தேவி நின்றபோது அப்பாவின் உத்தியோகமும் ஊரும் ஒன்றாகப் போயின” என்று இருந்தது. மண்டபத்திலிருந்த எங்கள் வயதுக்காரர் எவருக்கும் அந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை. பழைய ஆங்கிலத் தாளிலோ, ஏதோ ஒரு பெண் நடந்துபோகையில் நின்றுவிட்டாள் என்பதுபோல அது இருந்தது. தங்கச்சி அந்த ஒரு வரிக்கு நாலு சின்ன வசனம் எழுதினார். யாழ்தேவி என்பது கொழும்பிலிருந்து வடக்கே போகும் ரயில், 1956இல் ஓடத் தொடங்கியது. தாத்தா அந்தப் பாதையில் ஒரு நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். 1990இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றது. அது திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014இல்தான், அப்போது தாத்தா உங்களோடு கனடாவில் இருந்தார். பதினான்கு வயதுப் பேரன் இதை வாசித்துவிட்டு, “இருபத்திநாலு வருசமா?” என்று கேட்டான். அன்று அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

மற்ற இடம், பண்பாளர், ஈகையாளர், சைவப் பற்றாளர் என்று அடுக்கிய பகுதி. தமிழில் அந்த அடுக்கைக் கேட்கும்போதே பெரியவர்களுக்கு ஆளின் மதிப்புத் தெரியும், அது எங்கள் இரங்கலுரையின் மரபு. ஆங்கிலத்தில் அதையே அடுக்கினால் யாருக்கும் பொருந்தும் மூன்று சொற்களாகிவிடும். அதை எடுத்துவிட்டு, இரவோடிரவாகப் பேரப்பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பி, தாத்தா உங்களோடு என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட பஸ் வருமுன்னே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நிற்பார், பஸ் பிந்தினால் எத்தனை நிமிடம் என்று கலண்டரில் எழுதுவார் என்று இரண்டு பேர் எழுதினார்களாம். அது அப்படியே உரையில் வந்தது. நிலைய அதிபர் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியாது. “இறைவனடி சேர்ந்தார்” என்ற இடத்தில், தாத்தா செத்துப்போனார் என்பதைச் சுற்றிவளைக்காமல் எழுதினார். ஏழு வயதுக்காரிக்கு அதுதான் விளங்கும் என்றார். சரியாகத்தான் சொன்னார்.

வாசிக்கும் முறையையும் அவரே ஒழுங்குசெய்தார். தமிழ் முழுவதையும் முடித்துவிட்டு ஆங்கிலத்தைத் தொடங்கினால், முதல் பாதியில் பிள்ளைகள் தொலைந்துவிடுவார்கள், இரண்டாம் பாதியில் பெரியவர்கள் எழும்பிவிடுவார்கள். வசனத்துக்கு வசனம் மாறினாலோ இரண்டும் அறுந்துபோகும். ஆகவே உரையை நாலு பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதியையும் மூத்தவர் தமிழில் வாசிக்க, பேத்தி உடனே ஆங்கிலத்தில் வாசித்தார். துக்கத்தில் மெதுவாகத்தான் வாசிப்போம், தமிழில் நிமிடத்துக்கு 80 சொல், ஆங்கிலத்தில் 110 என்று கணக்குப் போட்டால் போதும் என்றார். ஒரு பகுதிக்குத் தமிழில் 80, ஆங்கிலத்தில் 110 சொல் என்று வைத்ததால், எல்லாம் எட்டு நிமிடத்தில் முடிந்தது. மண்டபம் எங்களுக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். மிச்சம் இரண்டும் தொண்டை அடைத்து நின்ற இடங்களுக்குப் போயிற்று.

அச்சில் அவர் பிடித்த பிழைதான் எங்களைக் காப்பாற்றியது. தமிழ் உரை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தது. பாமினி, தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கும் பழைய எழுத்துரு. அது நிறுவாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். மண்டபத்துக் கணினியில் அதுதான் நடந்திருக்கும். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார். மாற்றிய பிறகு கொ, கோ, கௌ உள்ள சொற்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொன்னார். கொம்பு இடம் மாறி நின்றால் அங்கேதான் தெரியும். 14 புள்ளி அளவு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பகுதி முடியும் இடத்தில் பக்கமும் முடிய, பின் அடிக்காமல் இலக்கமிட்டு. கை நடுங்கும்போது இதெல்லாம் எவ்வளவு பெரிய உதவி என்று வாசித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முடிவில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு வரி தமிழில் சொன்னார்கள்: “தாத்தா, நாங்கள் எல்லாரும் வந்திருக்கிறம்.” அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தபோது, ‘த’ வரும் இடத்திலெல்லாம் எச் சேர்த்தார். சேர்க்காவிட்டால் பிள்ளைகள் ‘டாட்டா’ என்று வாசித்துவிடுவார்கள். நெடிலை இரட்டித்து, நீளச் சொல்லைச் சிறுகோடு இட்டுப் பிரித்து, தன் குரலிலும் பதிந்து அனுப்பினார். தாளை நம்பாதீர்கள், குரலைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்கு எழுதியிருந்தார். பந்தம் பிடித்துச் சுற்றி வந்த பிள்ளைகள் அந்த வரியைச் சொன்னபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த மூன்று நாளில் அம்மா தன் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

தங்கச்சி, நீங்கள் காசு வாங்கவில்லை, பெயரும் போட வேண்டாம் என்றீர்கள். பெயர் போடவில்லை. 31ஆம் நாள் வெளிவரும் கல்வெட்டில் தமிழ் உரைக்கு எதிர்ப்பக்கத்தில் உங்கள் ஆங்கில உரை முழுதாக வரும். வம்சாவளிப் பக்கத்தில் ஒவ்வொருவரின் பெயரோடும், பேரப்பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்க்கிறோம். அதன் அச்சுப்படியை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்று கேட்க, இந்தக் கிழமை வீட்டுக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
ரொறன்ரோ