விலை ஏன் ஏறியது என்று முதலில் சொல்லுங்கள்: ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியை நான். விலை ஏறினாலே "வட்டியை ஏற்றுங்கள்" என்ற குரல் எழுகிறது. அதற்கு இணங்கும் முன் 2023-ஐ நினைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஜூலையில் கோயம்பேட்டுக்கு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தக்காளி வரத்து குறைந்தது. கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. எங்கள் தெரு மெஸ்ஸில் தக்காளிச் சட்னி நின்றது, ரசம் நீர்த்தது. ஒரு கிலோ வாங்கியவர்கள் கால் கிலோவோடு திரும்பினார்கள். விலை ஏறியது, விற்ற அளவு இறங்கியது. வரத்தோ செலவோ தள்ளிவிட்ட விலையேற்றத்தின் அடையாளம் இதுதான்.

மக்கள் கையில் பணமும் கடனும் புரள்வதால் வரும் விலையேற்றம் வேறு மாதிரி இருக்கும். விலையும் ஏறும், விற்பனையும் ஏறும். கடைக்காரர் கூடுதல் ஆள் தேடுவார், கூலியும் உயரும். அங்கே வட்டியை ஏற்றினால் புதுக்கடன் குறையும், வாங்கும் வேகம் தணியும், விலையும் அடங்கும்.

ஆனால் வங்கிகளுக்குக் கடன் தர நீங்கள் நிர்ணயிக்கும் ரெப்போ வட்டி ஒரு லாரி தக்காளியையும் கொண்டுவராது. மெஸ்காரரின் கடன் ரெப்போவோடு இணைந்ததாக இருந்தால், காய்கறிச் செலவோடு தவணைச் சுமையும் சேர்ந்து ஏறும். அவ்வளவுதான் நடக்கும். அன்று தேவைப்பட்டது சரக்கு. தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது சரியான வழி. ஜூலையில் 7.44 சதவீதமாக இருந்த சில்லறைப் பணவீக்கம், அடுத்த அறுவடை வந்ததும் செப்டம்பரில் 5.02-க்கு இறங்கியது. நீங்கள் ரெப்போவை 6.5-லேயே வைத்திருந்தீர்கள். சரியான முடிவு அது.

அதற்காக, செலவால் வந்த விலையேற்றம் என்றாலே கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 2022-ல் உக்ரைன் போரால் கச்சா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஏறின. அந்த ஏற்றம் சமையலறையோடு நிற்கவில்லை. உணவும் எரிபொருளும் சேராத மற்றப் பொருள்கள், சேவைகள் வரை பரவியது. அந்த மே மாதம் ரெப்போவை 4-லிருந்து 4.4-க்கு ஏற்றினீர்கள். அதுவும் சரியென்றே நினைக்கிறேன். மெஸ்காரர் சாப்பாட்டு விலையை ஏற்றி, அதைப் பார்த்து ஊழியர் சம்பளம் கேட்டு, எல்லோரும் அடுத்த வருடமும் ஏறும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால், தக்காளி மலிந்தாலும் சாப்பாட்டு விலை இறங்காது. அந்த எதிர்பார்ப்பைத் தணிக்க வட்டிதான் வேண்டும்.

அதனால் என் கோரிக்கை இது. உங்கள் ஒவ்வொரு அறிக்கையிலும் எந்தப் பொருள்களால் விலை ஏறியது, அவற்றின் விற்பனை அளவு கூடியதா குறைந்ததா, கூலியும் மற்ற விலைகளும் பின்னாலேயே நகர்கின்றனவா என்பதை எளிய மொழியில் எழுதுங்கள். எவ்வளவு பரவினால் வட்டியைத் தொடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடன் வாங்கியிருக்கும் மெஸ்காரர் தன் அடுத்த ஆறு மாதத்தைத் திட்டமிட அது போதும்.

இப்படிக்கு,
சென்னை ஆசிரியை ஒருவர்